சிறு உணவக அடுப்படியில் 'முதலில் கெடுவது முதலில் வெளியே': அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கங்களில் முப்பது, நாற்பது பேர் உட்காரும் அளவில் அசைவ மெஸ் நடத்துபவர்கள் என்னிடம் கேட்டவற்றையும், எங்கள் அடுப்படியில் புதிதாகச் சேரும் மாஸ்டர்கள் கேட்பவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். தேதி அச்சிட்டு வரும் பாக்கெட் சரக்கைப் பற்றிக் குறைவாகவும், நாமே அறுத்து, அரைத்து, உருக்கித் தேதி வைக்க வேண்டிய சரக்கைப் பற்றி விரிவாகவும் எழுதியிருக்கிறேன். என் அனுபவத்தில் நஷ்டமும் ஆபத்தும் பெரும்பாலும் அந்த இரண்டாவது வகையிலிருந்தே வருகின்றன.

முதலில் வந்த சரக்கை முதலில் எடுத்துவிடுகிறோம். அது போதாதா?

அரிசிக்கும் பருப்புக்கும் பெரும்பாலும் போதும். தயிர், பால், பன்னீர், இறைச்சி ஆகியவற்றுக்குப் போதாது. ஏனெனில் பின்னால் வந்த சரக்கு முன்னால் கெடுவது இவற்றில் அடிக்கடி நடக்கிறது. கடைக்காரரிடம் பழைய இருப்பு தேங்கியிருந்தால், அவர் இன்று கொடுக்கும் பாக்கெட் நேற்று இன்னொருவர் கொடுத்ததைவிட மூத்ததாக இருக்கலாம்.

ஒரு தயிர்க் கணக்கைப் பாருங்கள். புதன்கிழமை காலையில், திங்களன்று வாங்கியதில் 3 கிலோ மிச்சம் இருக்கிறது. அதன் கடைசித் தேதி சனிக்கிழமை. வழக்கமான கடையில் தயிர் இல்லாததால் வேறு கடையில் 4 கிலோ வாங்குகிறீர்கள். அதன் கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. நாளொன்றுக்கு 2 கிலோ செலவாகிறது. வந்த வரிசைப்படி எடுத்தால், புதனன்று பழையதில் 2 கிலோவும், வியாழனன்று பழையதில் மீதி 1 கிலோவும் புதியதில் 1 கிலோவும், வெள்ளியன்று புதியதில் 2 கிலோவும் செலவாகி, வெள்ளி இரவு தேதி முடிந்த 1 கிலோ கையில் நிற்கும். கெடும் வரிசைப்படி எடுத்தால், வெள்ளித் தேதியிட்ட 4 கிலோவும் புதன், வியாழன் ஆகிய இரண்டு நாட்களிலேயே தீர்ந்துவிடும். சனித் தேதியிட்டதில் வெள்ளியன்று 2 கிலோ போக, மிச்சமுள்ள 1 கிலோ சனிக்கிழமைப் பச்சடிக்குத் தேதிக்குள்ளேயே உதவும். இரண்டு முறையிலும் வாங்கியது ஒரே அளவு, விற்றதும் ஒரே அளவு. எடுத்த வரிசை மட்டுமே மாறியது.

2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு உரிமம் மற்றும் பதிவு ஒழுங்குமுறைகளின் நான்காம் அட்டவணையும் சரக்கை வரிசைப்படி சுழற்றி எடுக்கச் சொல்கிறது. ஆய்வாளர் வந்தால் இதைக் கேட்கக்கூடும் என்பது உண்மைதான். ஆனாலும் மேலே சொன்ன 1 கிலோ தயிர்தான் எனக்குப் பெரிய காரணம்.

பாக்கெட்டில் இரண்டு விதமாகத் தேதி போடுகிறார்களே, எதை எடுத்துக்கொள்வது?

'காலாவதி' அல்லது 'இதற்குள் பயன்படுத்தவும்' என்றிருப்பது எல்லைக்கோடு. அதைத் தாண்டிய சரக்கை அடுப்பில் ஏற்றக்கூடாது. 'இதற்கு முன் சிறந்தது' என்பது சுவையையும் மணத்தையும் பற்றியது. 2020-ஆம் ஆண்டின் முத்திரைச்சீட்டு விதிகளுக்குப் பிறகு காலாவதித் தேதி கட்டாயமாகவும், மற்றது விருப்பமாகவும் ஆகிவிட்டது. எனவே, காலாவதித் தேதியைத் தேடிப் படித்து, அதையே வரிசைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதி உறை பிரிக்கப்படாத பொருளுக்கும், உறையில் சொன்ன குளிர்நிலையில் வைத்த பொருளுக்கும் மட்டுமே செல்லும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கறிக்கடையில் வாங்குவதற்கும் நாங்களே அரைப்பதற்கும் தேதியே கிடையாதே. அவற்றை எப்படி வரிசைப்படுத்துவது?

தேதியை நீங்கள் பிறப்பிக்க வேண்டும். முழு முறையின் கனமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒரு பொருள் நம் அடுப்படியில் ஒவ்வொரு முறை நிலை மாறும்போதும், அதாவது உறை பிரிக்கும்போது, வெட்டும்போது, அரைக்கும்போது, உறைநிலையிலிருந்து உருகும்போது, பழைய தேதி செல்லாமல் போய்ப் புதிய தேதி ஒன்று தொடங்குகிறது. அந்தப் புதிய தேதி பழையதைவிட முன்னதாகத்தான் இருக்கும். ஒருபோதும் பின்னதாக இருக்காது. ஐந்து நாள் தேதி உள்ள பன்னீரை இன்று பிரித்தால், பிரித்த கணக்கில் அதற்கு இரண்டு நாள் என்று வையுங்கள். அச்சிட்ட தேதி நாளையே முடிகிறதென்றால், நாளை என்பதே அதன் எல்லை.

எங்கள் அடுப்படியில் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைத்த சரக்குக்கு நாங்கள் கடைப்பிடிக்கும் கெடு இது. பச்சைக் கோழிக்கு வாங்கிய நாளையும் சேர்த்து இரண்டு நாள். துண்டு போட்ட ஆட்டுக்கறிக்கு மூன்று நாள். அதே ஆட்டுக்கறியைக் கொத்திவிட்டால் ஒரே நாள்; கொத்தும்போது மேற்பரப்பில் இருந்த கிருமிகள் உள்ளே முழுவதும் பரவுவதோடு, காற்றுப்படும் பரப்பும் பலமடங்கு கூடிவிடுகிறது. பச்சையாக அரைத்த தேங்காய் மசாலாவுக்கும் பிழிந்த தேங்காய்ப்பாலுக்கும் ஒரு நாள். வெங்காயம், தக்காளி, மிளகாய், சோம்பு ஆகியவற்றை எண்ணெயில் சுருள வதக்கி அரைத்த மசாலாவுக்கு மூன்று நாள். வதக்கும்போது நீர் வற்றுவதும் சூடு ஏறுவதும் அதைக் காப்பாற்றுகின்றன.

தேங்காயைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. செட்டிநாட்டுச் சமையலில் குழம்பு, குருமா, பால் பணியாரம் என எல்லாவற்றிலும் அது இருப்பதாலேயே அதைக் கெடக்கூடிய பொருளாக நினைக்க நமக்குத் தோன்றுவதில்லை. அரைத்த தேங்காயில் ஈரம், கொழுப்பு, சிறிது இனிப்பு எல்லாம் இருக்கின்றன. சித்திரை வெயிலில் அடுப்படி மேடையில் மதியம் வரை வைத்தாலே புளித்துப்போகும். கறிக்குக் காட்டும் கண்டிப்பை அதற்கும் காட்ட வேண்டும்.

ஒட்டுச் சீட்டில் என்ன எழுத வேண்டும்?

செய்த தேதியைச் சிறிதாகவும், தீர்க்க வேண்டிய தேதியைப் பெரிதாகவும் எழுதுங்கள். செய்த தேதியை மட்டும் எழுதினால், சனிக்கிழமை மதிய நெரிசலில் ஒவ்வொரு டப்பாவுக்கும் மாஸ்டர் மனக்கணக்குப் போட வேண்டியிருக்கும். வறுவல் சட்டி காத்திருக்கும்போது யாரும் கணக்குப் போட மாட்டார்கள். கையில் எது அகப்படுகிறதோ அதுவே வெளியே வரும்.

எங்கள் சீட்டு இப்படி இருக்கும்:

கொத்துக்கறி – 2 கிலோ
செய்தது: 14, காலை 9
தீர்க்க: 14, இரவு 10
எழுதியவர்: மு

மாதமும் வருடமும் எழுதுவதில்லை. இரண்டு, மூன்று நாள் வாழும் பொருளுக்கு அவை சுமை. எங்களிடம் வேலை செய்பவர்களில் பாதிப்பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதால், நாளையும் நேரத்தையும் எண்ணில் எழுதி, கிழமைக்கு ஒரு நிறத்தில் சீட்டு ஒட்டுகிறோம். நிறம் குறிப்பது தீர்க்க வேண்டிய கிழமையை. செய்த கிழமையை அல்ல. இதை முதல் நாளே எல்லோருக்கும் விளக்காமல் விட்டால், ஆளுக்கொரு பொருள் கொண்டுவிடுவார்கள்.

சீட்டை மூடியில் ஒட்டாமல் டப்பாவின் உடம்பில் ஒட்டுங்கள். கழுவும் இடத்திலும் பரபரப்பான நேரத்திலும் மூடிகள் இடம் மாறும். அப்படி மாறும்போது தேதியும் கூடவே மாறிவிடும். ஒருமுறை எங்கள் அடுப்படியில் மூன்று நாள் மசாலாவின் மூடி ஒரு நாள் மசாலாவின் மேல் ஏறியதால், புளித்த தேங்காய் மசாலா ஒரு முழுச் சட்டிக் குருமாவில் இறங்கிவிட்டது. பரிமாறுமுன் ருசி பார்த்ததால் தப்பினோம், சட்டி தப்பவில்லை.

கோலா உருண்டைக்குக் கொத்துக்கறியும் அரைத்த மசாலாவும் சேர்ந்துவிட்டால், கலவைக்கு எந்தத் தேதி?

கலந்தவற்றில் எது முதலில் முடிகிறதோ அந்தத் தேதி. காலை 9 மணிக்குக் கொத்திய கறிக்கு இன்றிரவு 10 மணி கெடு; பகல் 12 மணிக்கு அரைத்த தேங்காய், கசகசா மசாலாவுக்கு நாளை பகல் கெடு; பொட்டுக்கடலை மாவுக்கு இன்னும் பல வாரங்கள் இருக்கின்றன. மாலை 5 மணிக்கு மூன்றையும் பிசைந்தால், கலவையின் கெடு இன்றிரவு 10 மணிதான். மாலையில் பிசைந்ததால் நாளை மாலை வரை நிற்கும் என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. அந்த நினைப்பில் கறிக்கு ஏறத்தாழ ஒரு நாளைச் சும்மா கூட்டிக் கொடுத்துவிடுகிறோம்.

சூடு மட்டும் இதற்கு விலக்கு. கெடுவுக்குள் பொரித்து, வேகவைத்து முடித்துவிட்டால், சமைத்த உணவு என்ற கணக்கில் அதற்குப் புதிய தேதி தொடங்கும். ஆனால் சமைத்த உணவை 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ, விரைவாக ஆறவைத்து 5 டிகிரிக்குக் கீழாகவோ வைத்திருக்க வேண்டும். ஆறவைக்கும்போது 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள்ளும் இறங்கியிருக்க வேண்டும். பெரிய அண்டாவோடு வைத்தால் நடுப்பகுதி இதற்குள் இறங்காது. இரண்டு அங்குல ஆழத் தட்டுகளில் பரப்பி வைத்தால் இறங்கும்.

கெடு தாண்டிய கலவையைப் 'பொரித்தால் சரியாகிவிடும்' என்று எண்ணெயில் போடுவது இந்த விலக்குக்குள் வராது. சூடு கிருமிகளைக் கொல்லும். சில கிருமிகள் ஏற்கெனவே உமிழ்ந்துவிட்ட நச்சைக் கொதிநிலையும் அழிக்காது. வெளியே கிடந்த சோற்றைத் திரும்பச் சுடவைத்துச் சாப்பிட்டவர்கள் வாந்தி எடுப்பது பலநேரம் அந்த வகை நச்சினால்தான்.

விற்காத கோழியை ஃப்ரீசரில் போட்டுவிட்டால் தேதி நின்றுவிடும் அல்லவா?

நிற்கும், ஆனால் பின்னால் திரும்பாது. உறையவைக்கும் நேரத்தில் கோழிக்கு எவ்வளவு ஆயுள் மிச்சமோ, உருகிய பிறகு அவ்வளவுதான், சொல்லப்போனால் அதற்கும் குறைவுதான். ஆகவே ஃப்ரீசரில் போடும் முடிவைக் கடைசி இரவில் எடுத்தால் பயன் இல்லை. ஒரு வாரத்தை எடுத்து நடத்திப் பார்ப்போம்.

வியாழன் காலை 10 கிலோ கோழி வருகிறது. இரண்டு நாள் கணக்கில் கெடு வெள்ளி இரவு. வியாழன் மதியமும் இரவுமாக 6 கிலோ செலவாகி, 4 கிலோ நிற்கிறது. வெள்ளிக்கிழமை நம் பக்கத்தில் பலர் அசைவம் தொடமாட்டார்கள். அன்றைக்கு 2 கிலோவுக்கு மேல் போகாது என்பது பழைய விற்பனையைப் பார்த்தாலே தெரியும். ஆக, 2 கிலோ தேங்கும் என்பது வியாழன் இரவு 9 மணிக்கே தெரிந்த செய்தி. அந்த நேரத்திலேயே 2 கிலோவைப் பிரித்து, 1 கிலோ வீதம் தட்டையாகப் பையில் பரப்பி, ஃப்ரீசரில் வைக்க வேண்டும். பந்தாகச் சுருட்டி வைத்தால் உறையவும் உருகவும் நாளாகும். சீட்டில் 'உருகிய பின் 1 நாள்' என்று எழுதுகிறோம். வியாழனில் ஒரு நாள் கழிந்துவிட்டதே.

வெள்ளி இரவு வரை காத்திருந்து அதே 2 கிலோவை உறையவைத்திருந்தால், ஆயுள் ஏறத்தாழத் தீர்ந்த சரக்கைச் சேமித்தவர்கள் ஆவோம். அது உருகும் நேரத்திலேயே கெடு முடிந்திருக்கும்.

சனிக்கிழமை காலை அந்த இரண்டு பைகளையும் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு தட்டின் மேல் வைத்து உருகவிடுகிறோம். ஞாயிறு காலைக்குள் உருகிவிடும். உருகியதும் சீட்டில் 'ஞாயிறு இரவு 10' என்று கெடுவை நிரப்புகிறோம். இப்போது ஞாயிறு காலையில் மூன்று வகைக் கோழி கையில் இருக்கிறது: உருகிய 2 கிலோ, சனிக்கிழமை வாங்கியதில் மிச்சம் 5 கிலோ, இன்று காலை வந்த 12 கிலோ. முதல் இரண்டுக்கும் ஞாயிறு இரவே கெடு. மூன்றாவதற்குத் திங்கள் இரவு. தேதி சமமாக இருந்தால் உருகியதை முதலில் எடுக்க வேண்டும். உறைந்து உருகும்போது சதையிலிருந்து நீர் கசிந்து வெளிவருவதால், அது மற்றதைவிடப் பலவீனமானது.

எந்தப் பண்டத்துக்கு எந்தக் கோழி என்பதும் இங்கேயே தீர்மானமாகிறது. உருகிய கோழி வறுவலுக்கும் உப்புக்கறிக்கும் நீர் விட்டு நார் நாராகும். கோழிக் குழம்பிலும் மிளகுக் குழம்பிலும் அந்தக் குறை தெரியாது. எனவே ஞாயிறு மதியக் குழம்புக்கு முதலில் உருகிய 2 கிலோவையும், அது தீர்ந்தபின் சனிக்கிழமைக் கோழியையும் எடுத்து, அன்றைய புதுக் கோழியை வறுவலுக்கு வைத்துக்கொள்கிறோம். சனிக்கிழமை 5 கிலோ மதியத்தோடு தீராவிட்டால் மாலை 4 மணிக்குப் பார்த்து, இரவு வறுவலுக்கும் அதையே முதலில் எடுக்கச் சொல்கிறோம். ஞாயிறு இரவு மிச்சமாவது திங்கள் கெடு உள்ள கோழியாக மட்டுமே இருக்க வேண்டும். அதைத்தான் திங்கட்கிழமை மெனுவுக்கு நம்பலாம். உருகியதில் எஞ்சியதை மீண்டும் ஃப்ரீசருக்கு அனுப்புவது கிடையாது.

உருகவைப்பதைக் கழுவுதொட்டியிலும் மேடையிலும் செய்யாதீர்கள். வெளிப்பக்கம் அடுப்படியின் வெப்பத்துக்கு வந்து மணிக்கணக்கான பின்னும் நடுப்பகுதி கல்லாகவே இருக்கும். சீட்டில் என்ன எழுதினாலும் வெளிச்சதைக்கு அது பொருந்தாது.

ஃப்ரீசர் மேலே திறக்கும் பெட்டி வகை. அடியில் இருப்பது வருடக்கணக்காக அங்கேயே கிடக்கிறது. என்ன செய்யலாம்?

அந்தப் பெட்டியின் அமைப்பே பழையதை அடியில் புதைப்பதுதான். ஒழுங்கைப் பற்றி எவ்வளவு பேசினாலும் மாறாது. கம்பிக் கூடைகள் நான்கு வாங்கி, வாரத்துக்கு ஒரு கூடை என்று ஒதுக்குங்கள். இந்த வாரம் தீர்க்க வேண்டியதை வலக் கோடியில் மேலே வையுங்கள்; வாரம் முடிந்ததும் கூடைகளை ஓரிடம் நகர்த்துங்கள். மூடியின் மேல் ஒரு காகிதம் ஒட்டி, உள்ளே போகும்போது ஒரு கோடும் வெளியே வரும்போது அதன் மேல் ஒரு அடிப்பும் போட்டுவந்தால், பெட்டியைத் திறக்காமலே இருப்பு தெரியும். −18 டிகிரியில் இறைச்சி ஆபத்தாக மாறுவதில்லை. ஆனால் மாதங்கள் போகப்போக ஓரங்கள் வெளுத்து, காய்ந்து, கொழுப்பு சிக்குவாசம் பிடிக்கும். காடையும் இறாலும் இதில் முன்னால் நிற்பவை.

பையில் எழுதும் முன் பை ஈரமில்லாமல் இருக்க வேண்டும். ஈரத்தில் ஒட்டிய சீட்டு உறைந்ததும் உதிர்ந்துவிடும். சீட்டில்லாத பை என்றால் எங்கள் வீட்டில் குப்பைத்தொட்டிதான்.

குளிர்பெட்டியில் எல்லாவற்றையும் தேதி வரிசைப்படி அடுக்கலாமா?

ஒவ்வொரு தட்டுக்குள்ளும் அப்படி அடுக்கலாம். தட்டுகளுக்கு இடையே கூடாது. பச்சைக் கோழியும் மீனும் எந்தத் தேதியாக இருந்தாலும் கீழ்த்தட்டில்தான். அவற்றின் நீர் சமைத்த உணவின் மேல் சொட்டக்கூடாது. சமைத்ததும் தேங்காய் மசாலாவும் மேலே. ஒரு தட்டுக்குள் முதலில் தீர வேண்டியது முன்பக்கம், பின்னது பின்பக்கம். புதுச்சரக்கை வைப்பவர் பழையதை வெளியே எடுத்து, புதியதைப் பின்னால் வைத்து, பழையதை முன்னால் வைக்க வேண்டும். கை எட்டும் இடத்தில் புதியதைச் செருகிவிட்டுப் போவதுதான் இந்த முறை சரியும் முதல் இடம். பால், தயிரைக் கதவுத் தட்டில் வைக்காதீர்கள். நூறு முறை திறக்கும் கதவில் குளிர் நிற்பதில்லை.

தொண்டியிலிருந்து வரும் மீனுக்கு எத்தனை நாள்?

வாங்கிய நாள் மட்டும். படகில் எத்தனை நாள் பனிக்கட்டியில் இருந்தது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் தேதி வைக்கும் அதிகாரம் நமக்கு இல்லை. செவுள் சிவப்பாகவும், கண் புடைத்தும், விரலால் அழுத்தினால் குழி நிரம்பியும் இருந்தால் மட்டுமே எடுங்கள். இரவுக்கு மிஞ்சும் என்று தெரிந்தால் மதியமே குழம்பாக்கிவிடுங்கள். நண்டு உயிரோடு இருந்தால் மட்டுமே சரக்கு.

பழைய மாவிலும் தயிரிலும் புதியதைச் சேர்த்துவிடுவது எங்கள் வழக்கம். அதில் தவறுண்டா?

தேதி முறையைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய தவறு கிடையாது. புதிய 4 கிலோ தயிரைப் பழைய அரைக் கிலோ இருக்கும் பாத்திரத்தில் ஊற்றினால், நான்கரைக் கிலோவும் அந்த அரைக் கிலோவின் தேதிக்கு இறங்கிவிடுகிறது. தினமும் இப்படி ஊற்றினால், பாத்திரத்தின் அடியில் எந்த நாளின் தயிர் இருக்கிறது என்பதை ஒருவராலும் சொல்ல முடியாது. பரோட்டா சால்னா அண்டாவை ஒட்டக் காலிசெய்யாமல் நிரப்பிக்கொண்டே போவதும் இதே வகை. இட்லி மாவுக்குப் புளிப்பு ஏற ஒரு கரண்டி பழைய மாவு சேர்ப்பது வேறு, அது உறை. வாளியில் மிஞ்சியதன் மேல் புதுமாவை ஊற்றுவதைத்தான் சொல்கிறேன்.

இரண்டு பாத்திரங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று காலியாகி, கழுவி, காய்ந்த பிறகே அதில் அடுத்தது ஏற வேண்டும்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக நாள் முழுவதும் மின்சாரம் நிற்கும்போது தேதிகள் என்னவாகும்?

சீட்டிலுள்ள ஒவ்வொரு தேதியும் 5 டிகிரி என்ற நிபந்தனையோடு எழுதப்பட்டது. நிபந்தனை போனால் தேதியும் போகும். மூடிய குளிர்பெட்டி ஏறக்குறைய நான்கு மணி நேரம் தாங்கும் என்பது பொதுக்கணக்கு; நம் அடுப்படி வெப்பத்தில் நான் மூன்று என்றே வைத்துக்கொள்கிறேன். நிரம்பிய ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் ஒரு நாளுக்கு மேலும் உறைநிலையிலேயே இருக்கும்; பாதி காலியானது அவ்வளவு தாங்காது.

பராமரிப்பு நிறுத்தத்தை முன்கூட்டியே அறிவிப்பதால், அதற்கு முந்தைய நாளே கொள்முதலைக் குறைத்து, கொத்துக்கறியும் பச்சைத் தேங்காய் மசாலாவும் அன்று தேவையில்லாதபடி மெனுவை அமைத்துவிடலாம். அறிவிப்பில்லாமல் போனால், நடுத்தட்டில் ஒரு குவளைத் தண்ணீரில் வைத்திருக்கும் வெப்பமானியைப் பாருங்கள். காற்றின் சூடு கதவைத் திறந்ததும் தாவும். தண்ணீரின் சூடுதான் உணவின் சூட்டுக்கு நெருக்கமானது. 5 டிகிரியைத் தாண்டி இரண்டு மணி நேரத்துக்குள் என்றால், இறைச்சியை அப்போதே சமைத்துவிடுங்கள். எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியாவிட்டால் கறி, மீன், பால், தேங்காய்ப்பால் ஆகியவற்றைக் கொட்டிவிட வேண்டியதுதான். ஊறுகாய்க்கும் புளிக்கரைசலுக்கும் ஒன்றும் ஆகாது.

அனுபவமுள்ள மாஸ்டர் முகர்ந்து பார்த்தாலே சொல்லிவிடுவாரே?

கெட்டதைச் சொல்லிவிடுவார், ஆபத்தானதைச் சொல்ல முடியாது. நாற்றம் எழுப்பும் கிருமிகளும் நோய் தரும் கிருமிகளும் பெரும்பாலும் வேறு வேறானவை. பின்னவை பெருகியிருந்தாலும் மூக்குக்கு எதுவும் தெரியாமல் இருக்கலாம். மேலும் சோம்பு, பட்டை, கல்பாசி, மராட்டி மொக்கு எல்லாம் சேர்த்து அரைத்த மசாலாவில் எந்த மூக்குக்கும் வேலை இல்லை. முகர்ந்து நாறினால் தேதி இருந்தாலும் கொட்டுங்கள்; நாறவில்லை என்பதற்காகத் தேதியைத் தாண்டவிடாதீர்கள்.

இதற்குக் கணினி மென்பொருள் வேண்டுமா?

நாற்பது இருக்கைக்கு வேண்டாம். சீட்டுச் சுருள், அழியா மைப் பேனா, ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

முறை சரியாக நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரவு கடை கட்டும்போது குளிர்பெட்டியைத் திறந்து இரண்டை மட்டும் எண்ணுங்கள்: சீட்டில்லாத டப்பாக்கள் எத்தனை, ஒரே பொருளில் ஒரே நேரத்தில் பிரித்திருக்கும் பாக்கெட்டுகள் எத்தனை ஜோடி. பிரித்த தயிர் இரண்டு, பிரித்த பன்னீர் இரண்டு என்று ஜோடிகள் நின்றால், யாரோ முன்னால் இருந்ததை விட்டுப் பின்னாலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

கொட்டுவதையும் நோட்டில் எழுதுங்கள். பொருள், அளவு, காரணம் ஆகிய மூன்றும் போதும். காரணங்கள் இரண்டு வகைப்படும். புதியது செலவாகிப் பழையது தேங்கியிருந்தால், எடுத்த வரிசை தவறு. தட்டையும் ஆட்களையும் பார்க்க வேண்டும். வரிசை சரியாக இருந்தும் தேதிக்குள் தீரவில்லை என்றால், வாங்கிய அளவு தவறு; அதை எந்த வரிசையாலும் காப்பாற்ற முடியாது. எங்கள் நோட்டில் ஒரு புரட்டாசியில் சனிக்கிழமைதோறும் கோழி கொட்டிய கணக்கு ஏறிக்கொண்டே வந்தது. சீட்டு, தட்டு எல்லாம் சரியாகவே இருந்தன. பெருமாளுக்காக விரதம் இருப்பவர்களை மறந்து, வழக்கமான சனிக்கிழமை அளவுக்கே கறிக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தோம். மூன்றாவது வாரம் 12 கிலோவை 5 கிலோவாகக் குறைத்தோம். அந்தப் பத்தியில் அதற்குப் பிறகு கோழி என்ற சொல் கார்த்திகை வரை வரவில்லை.